உப்பிய பேட்டரி யார் கையில் வெடிக்கும்?

பழைய கேம் கன்ட்ரோலரில் பேட்டரி உப்பிவிட்டால் நம் வீடுகளிலும் விடுதிகளிலும் நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான். கழற்றி ஒரு பாலிதீன் கவரில் போட்டு, சோற்றுக் குப்பையோடு சேர்த்துக் கட்டி, காலையில் வரும் வண்டியில் கொடுத்துவிடுவது. 'ஆபத்து வீட்டைவிட்டுப் போய்விட்டது' என்று நிம்மதி வேறு. போகவில்லை தோழர்களே. அது இன்னொருவர் கைக்குப் போயிருக்கிறது. அந்தக் கை பெரும்பாலும் எந்தச் சேரியிலிருந்து வருகிறது என்பதைத் தாம்பரத்திலும் பல்லாவரத்திலும் வளர்ந்த நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதை உணர்ச்சிக்காகச் சொல்லவில்லை. அந்தப் பேட்டரிக்குள் நடப்பதைப் புரிந்துகொண்டால் நீங்களே இந்த முடிவுக்கு வருவீர்கள்.

கன்ட்ரோலரிலும் கையடக்க கேம் கருவியிலும் இருப்பது லித்தியம் அயான் பேட்டரி. இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள், நடுவில் அவை ஒட்டாமல் பிரிக்கும் பிளாஸ்டிக் சவ்வு, எல்லாவற்றையும் நனைத்திருக்கும் எளிதில் தீப்பற்றும் ஒரு திரவம். வயதாலோ, வெப்பத்தாலோ, அளவுக்கு மீறிய சார்ஜாலோ, மாதக்கணக்கில் சார்ஜே இல்லாமல் கிடந்ததாலோ அந்தத் திரவம் சிதைந்து வாயுவாகிறது. வாயு வெளியே போக வழியில்லை. உறை உப்புகிறது. மேல்மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே மே மாதத்தில் கிடக்கும் கருவிக்கு இது சீக்கிரம் வரும்.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். உப்பிய பேட்டரி எல்லாம் உடனே வெடிப்பதில்லை. மேசை டிராயரில் பல மாதம் சும்மா கிடப்பதும் உண்டு. அதைப் பற்றவைப்பவை நான்கு: அழுத்துவது, குத்துவது, சூடாக்குவது, மறுபடி சார்ஜ் போடுவது. சவ்வு கிழிந்து தகடுகள் ஒன்றையொன்று தொட்டால் சில நொடிகளில் உள்ளே பல நூறு டிகிரி வெப்பம் எழும், தீயும் நச்சுப் புகையும் வெளியேறும்.

இப்போது அந்த பாலிதீன் கவரின் பயணத்தைப் பாருங்கள். வண்டியிலேயே தூய்மைப் பணியாளர் கையால் கவரைக் கிழித்துப் பிரிக்கிறார். பிறகு குப்பை பெரிய லாரிக்கு மாறுகிறது. அதன் ஹைட்ராலிக் தகடு எல்லாவற்றையும் நசுக்கி அடைக்கிறது. உடைந்த கண்ணாடியும் கம்பியும் கூடவே கிடக்கின்றன. கடைசியில் வெயிலில் வேகும் குப்பை மேடு. மேடு பற்றி எரிந்தால் என்ன ஆகும் என்பதை 2022 ஏப்ரல் இறுதியில் பெருங்குடியில் நாட்கணக்கில் புகையை மூச்சாக இழுத்த தென்சென்னை அறியும். டிராயரில் சும்மா கிடந்திருக்கக்கூடிய பொருளுக்கு அழுத்தம், குத்து, சூடு மூன்றையும் வரிசையாக ஏற்பாடு செய்து தருகிறது நம் குப்பைப் பாதை. ஆக, குப்பையில் போடுவது ஆபத்தை நீக்குவதே இல்லை. ஆபத்து நிகழும் நேரத்தையும் அங்கே நிற்கப்போகும் மனிதரையும் நாம் தேர்ந்தெடுக்கிறோம், அவ்வளவுதான்.

'நாங்கள் குப்பையில் போடவில்லை, காயலான் கடையில் கொடுத்தோம்' என்பவர்களுக்கும் இதே பதில்தான். அங்கே அது இரும்புக் குவியலில் வீசப்படும், அல்லது உலோகத்துக்காகச் சுத்தியலால் உடைக்கப்படும். உடைப்பவருக்குக் கையுறை யார் கொடுத்தார்கள்?

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு கருவியை எடுத்துப் பார்ப்போம். சானடோரியம் பக்கம் ஒரு விடுதி அறை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் கையாக வாங்கிய ஒரு பிஎஸ்பி. 2004இல் வந்த கருவி, உள்ளே பல ஆண்டு பழைய பேட்டரி. முதல் அடையாளம், பின்பக்க மூடி சரியாக உட்காராது. விரலால் தடவினால் மூடியின் நடுப்பகுதி மேடாகத் தெரியும். மூடி இல்லாமலே ஓட்டிப் பழகியவர்கள் இதைக் கவனிக்கவே மாட்டார்கள். பேட்டரி கையோடு வந்துவிட்டால் சமமான தரையில் வையுங்கள். நல்ல பேட்டரி தட்டையாக உட்காரும். உப்பியது ஆடும், மெல்லத் தட்டினால் பம்பரம் போலச் சுற்றும். இதற்காக அதை அழுத்திப் பார்க்கக் கூடாது.

கன்ட்ரோலரில் பேட்டரி வெளியே தெரியாது, எனவே உடலைப் பார்க்க வேண்டும். மேல் ஓடும் கீழ் ஓடும் சேரும் கோடு முன்பு சீராக இருந்து இப்போது ஓரிடத்தில் மட்டும் வாய் திறந்திருக்கிறதா? பட்டன்கள் திடீரென இறுகிவிட்டனவா? திரை உள்ள கருவி என்றால், திரையின் ஒரு மூலை தூக்கி நிற்கிறதா, அழுத்தாமலே வெளிறிய திட்டு தெரிகிறதா? கடைசி அடையாளம் மணம். நெயில் பாலிஷ் நீக்கும் திரவம் போல இனிப்பான வாடை வந்தால் உறை ஏற்கெனவே கசிகிறது. சார்ஜ் சீக்கிரம் இறங்குவது மட்டும் அடையாளம் ஆகாது. உப்பாத பழைய பேட்டரியும் அப்படித்தான் இருக்கும்.

உப்பியிருப்பது தெரிந்ததும் சார்ஜரைப் பிடுங்குங்கள், கருவியை அணையுங்கள். 'இன்னும் வேலை செய்கிறதா' என்று ஒரு தடவைகூட சார்ஜ் போட்டுப் பார்க்காதீர்கள். பிஎஸ்பி போல விரல் நுனியால் தானாக வரும் பேட்டரி என்றால் எடுத்துவிடலாம். கன்ட்ரோலரில் பின்பக்க ஸ்க்ரூக்களைக் கழற்றத் தெரிந்தவர், ஓடு இலகுவாகப் பிரிந்தால், ஒயரை இழுக்காமல் அதன் பிளக்கைப் பிடித்துக் கழற்றலாம். ஆனால் பேட்டரி சிக்கி நின்றாலோ, பசையால் ஒட்டியிருந்தாலோ அங்கேயே நிறுத்துங்கள். கத்தியோ ஸ்க்ரூடிரைவரோ வைத்து நெம்புவதுதான் சவ்வைக் கிழிக்கிற வேலை. கருவியை முழுசாகவே ஒப்படைத்துவிடலாம். இரண்டாயிரம் ரூபாய் கருவிக்காக விரல்களைப் பணயம் வைக்க வேண்டாம்.

'ஊசியால் குத்தினால் காற்று போய்விடும், மறுபடி ஓட்டலாம்' என்று சொல்லும் வீடியோக்கள் உலவுகின்றன. உள்ளே இருப்பது காற்று இல்லை, எரியும் வாயு. அந்த ஊசி தகடுகளை இணைக்கும் கம்பியாகவும் ஆகிவிடும். உப்புத் தண்ணீரில் ஊறவைக்கும் யோசனையும் வேண்டாம். முனைகள் அரித்து, ஹைட்ரஜன் கிளம்பி, நச்சுக் கலந்த ஒரு வாளித் தண்ணீர்தான் மிஞ்சும். அதை ஊற்றப்போவதும் சாக்கடையில். அந்தச் சாக்கடையில் இறக்கப்படுவது யார் என்று நமக்குத் தெரியும்.

எடுத்த பேட்டரியின் உலோக முனைகள் மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள். காய்ந்த மணல் பாதி நிரப்பிய மண் சட்டியில் வைத்து, மேலும் மணலால் மூடுங்கள். மேலே ஒரு ஓட்டைச் சும்மா வைத்தால் போதும், காற்றுப்புகாமல் அடைக்காதீர்கள். வாயு வெளியேற வழி வேண்டும். ஒரு சட்டிக்கு ஒரு பேட்டரி. வெயில் படாத திறந்த இடத்தில் வையுங்கள். கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்திலோ, வண்டி நிறுத்துமிடத்திலோ, வெளியேற உள்ள ஒரே படிக்கட்டிலோ வேண்டாம்.

புகை வந்தால் காப்பாற்ற முயலாமல் எல்லோரையும் வெளியேற்றி 101க்கோ 112க்கோ அழையுங்கள். அந்தப் புகையில் ஹைட்ரஜன் புளோரைடு இருக்கும், அது நுரையீரலைச் சுடும். 'லித்தியம் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது' என்பது இந்த வகைப் பேட்டரிக்குப் பொருந்தாது. தூரத்திலிருந்து நிறையத் தண்ணீர் ஊற்றுவது அதைக் குளிர்விக்கும். கசிந்த திரவம் கண்ணில் பட்டால் குழாய்த் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

இனி ஒப்படைப்பது. 2022 ஆகஸ்டில் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் இரண்டு பேருக்குக் கடமை வைக்கின்றன. வீட்டுக் குப்பையில் கலக்காமல் பிரித்துக் கொடுக்க வேண்டியது நாம். திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்விக்க வேண்டியது அதைச் சந்தைக்குக் கொண்டுவந்த நிறுவனம். எனவே கருவியின் நிறுவனத்துக்கு எழுத்தில் கேளுங்கள். மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரையும் கேட்கலாம். பேட்டரி உப்பியிருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், மறைத்துக் கொடுத்தால் அங்குள்ள தொழிலாளிக்கு நாம் செய்வதும் அதே துரோகம்தான். கூரியரில் அனுப்பாதீர்கள். மின்சார ரயிலிலும் பேருந்திலும் எடுத்துச் செல்லாதீர்கள்.

ஆனால் ஒரு மாணவர் தனியாக நிறுவனத்தைத் துரத்திக்கொண்டிருப்பது தீர்வாகாது. 2016இன் திடக்கழிவு மேலாண்மை விதிகளே தெளிவாகச் சொல்லியிருந்தன: வீட்டிலிருந்து வரும் அபாயகரக் கழிவுக்கு 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு ஒப்படைப்பு மையத்தை உள்ளாட்சி அமைப்பு அமைக்க வேண்டும். பழைய பேட்டரியும் அந்தக் கழிவில் அடங்கும். ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்து 2021இல் உருவான தாம்பரம் மாநகராட்சியின் பரப்பு சுமார் 87 சதுர கிலோமீட்டர். கணக்குப் போடுங்கள், ஐந்து மையங்கள் வருகின்றன. அவை எங்கே, என்ன நேரம் திறந்திருக்கும், அங்கே வேலை செய்பவருக்கு என்ன பாதுகாப்புக் கருவி தரப்படுகிறது, கடந்த ஆண்டு எத்தனை கிலோ பேட்டரி வந்தது? நான்கு கேள்விகள். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேட்டுவிடலாம். கல்லூரிக்கு ஒரு மனு, வார்டுக்கு ஒரு மனு என்று போட்டால் பதில் சொல்லாமல் இருப்பது கடினம்.

'மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை' என்று அதிகாரிகள் சொல்வார்கள். விழிப்புணர்வு வந்தவர் கையில் சட்டியோடு நின்றால் அதை வாங்க ஒரு மேசையும் ஒரு ஆளும் வேண்டாமா? மேசை இல்லாத ஊரில் எல்லா ஆபத்தும் கடைசியில் ஒரே சாதிகளின் கைக்குத்தான் வந்து சேர்கிறது. அந்த மேசை வரும்வரை சட்டி நம் வீட்டிலேயே இருக்கட்டும். வண்டியில் மட்டும் போடாதீர்கள்.