ரேஷியோ சார்ட்ல ஃபார்முலா மட்டும் இருந்தா போதாது

ரேஷியோ அனாலிசிஸ் பத்தின 3 மணி நேர வகுப்பைப் பார்த்துட்டு நிறைய பேர் நோட்ஸ் எடுத்து வச்சிருப்பீங்க. எடுத்துப் பாருங்க. பெரும்பாலும் ரெண்டு காலம்தான் இருக்கும்: ரேஷியோ பேரு, ஃபார்முலா. பரீட்சைக்கு அது சரி. ஆனா ஒரு கம்பெனி ஷேரை வாங்கலாமா வேண்டாமான்னு முடிவு பண்ண அந்த சார்ட் உதவாது. சில சமயம் தப்பான முடிவுக்கே தள்ளிவிடும்.

இதை நான் பட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். ஆர்ட்டிகிள்ஷிப் காலத்துல ஒரு கிளையன்ட்டோட வங்கிக் கடன் புதுப்பிக்கிற ஃபைல் என்கிட்ட வந்தது. கணக்குப் போட்டுட்டு, "சார், கரன்ட் ரேஷியோ கூடியிருக்கு, நல்லா இருக்காங்க"ன்னு பெருமையா சொன்னேன். சீனியர் கேட்டது ஒரே கேள்விதான்: "எதனால கூடிச்சுன்னு பார்த்தியா?" பார்க்கவே இல்ல.

என்ன நடந்திருக்கும்னு புரிய ஒரு கற்பனை பின்னலாடை கம்பெனியை எடுத்துக்குவோம். எல்லாம் லட்சத்துல.

முதல் வருஷம் சரக்கு 60, வரவேண்டிய பாக்கி 40, ரொக்கம் 20. மொத்தம் 120. ஒரு வருஷத்துக்குள்ள கட்டவேண்டிய கடன் 80. 120-ஐ 80-ஆல வகுத்தா கரன்ட் ரேஷியோ 1.5.

ரெண்டாவது வருஷம் பாக்கியும் ரொக்கமும் அப்படியே இருக்கு. சரக்கு மட்டும் 120 ஆயிடுச்சு. மொத்தம் 180, கடன் 100. ரேஷியோ 1.8. ஃபார்முலா சார்ட்டை மட்டும் வச்சிருக்கறவர் "முன்னேற்றம்"னு டிக் அடிச்சிடுவார்.

இப்போ சரக்கைக் கழிச்சுட்டு க்விக் ரேஷியோ பாருங்க. 60/80, அதாவது 0.75 இருந்தது, 60/100, அதாவது 0.60 ஆகியிருக்கு. அடுத்து, சரக்கு எத்தனை நாள் குடோன்ல கிடக்குதுன்னு பார்ப்போம். விற்ற சரக்கின் அடக்க விலை ரெண்டு வருஷமும் 360-ன்னு வைங்க. 60/360 × 365 = சுமார் 61 நாள். 120/360 × 365 = சுமார் 122 நாள். விற்பனை கூடல, சரக்கு மட்டும் தேங்கி நிக்குது. கரன்ட் ரேஷியோ ஏறினதுக்கு அந்தத் தேக்கம்தான் காரணம்! சம்பளம் போடவும் நூல் கடைக்காரருக்குக் கொடுக்கவும் விற்காத பனியனை நீட்ட முடியாதுல்ல?

அதனால என் கருத்து இதுதான்: சார்ட்ல ஃபார்முலாவுக்குப் பக்கத்துல இன்னும் மூணு காலம் வேணும். கரன்ட் ரேஷியோ வரிசையை நான் இப்படித்தான் எழுதுவேன்:

ஃபார்முலா: கரன்ட் அசெட்ஸ் ÷ கரன்ட் லயபிலிட்டீஸ்
கேட்கிற கேள்வி: ஒரு வருஷத்துக்குள்ள கட்டவேண்டியதுக்கு, அதே காலத்துல பணமாகக்கூடியது எவ்வளவு இருக்கு?
எப்போ ஏமாத்தும்: சரக்கு தேங்கும்போதும், பாக்கி வசூலாகாதபோதும் இது ஏறும்
கூட எதைப் பார்க்கணும்: க்விக் ரேஷியோ, சரக்கு நாட்கள், வசூல் நாட்கள்

கடைசி காலம்தான் உயிர். வகுப்புல லிக்விடிட்டி ஒரு பாடம், டர்ன்ஓவர் இன்னொரு பாடம். நடுவுல ஒரு மணி நேர இடைவெளி இருக்கும். ரெண்டையும் ஒரே வரியில உட்கார வைக்கிற வேலை உங்களோடது.

வீடியோ பார்க்கும்போதும் ஒண்ணு பண்ணுங்க. ஒரு ரேஷியோ முடிஞ்சதும் பாஸ் பண்ணி, "மேல இருக்கிற எண் கெட்ட காரணத்தால கூட முடியுமா? கீழ இருக்கிறது கெட்ட காரணத்தால குறைய முடியுமா?"ன்னு கேளுங்க. அந்த பதில்தான் மூணாவது காலம். உதாரணமா ரிட்டர்ன் ஆன் ஈக்விட்டி. தொடர் நஷ்டத்துல சொந்த மூலதனம் கரைஞ்ச கம்பெனி ஒரு வருஷம் கொஞ்சம் லாபம் காட்டினாலும் அந்த சதவீதம் பிரமாதமா தெரியும்.

"2:1 இருந்தா நல்லது"ன்னு கண்ணை மூடிக்கிட்டு எழுதிக்காதீங்க. அது பாடப்புத்தக அளவு. கைக்காசுக்கு விற்று, சப்ளையருக்குத் தவணையில கொடுக்கிற சூப்பர் மார்க்கெட் 1-க்குக் கீழேயே நல்லா ஓடலாம். ஒரே தொழில்ல இருக்கிற கம்பெனிகளோடயும், அதே கம்பெனியோட பழைய வருஷங்களோடயும் ஒப்பிடுங்க.

முப்பது ரேஷியோ வேண்டாம். எட்டு போதும், ஆனா நாலு காலமும் நிரம்பியிருக்கணும். இந்த வாரம் நீங்க ஷேர் வச்சிருக்கிற ஒரு கம்பெனியோட பேலன்ஸ் ஷீட்டை எடுத்து, கரன்ட் ரேஷியோ வரிசையை மட்டும் போட்டுப் பாருங்க. சந்தேகம் வந்தா கமென்ட்ல கேளுங்க, அடுத்த வீடியோவுல பார்ப்போம்.