ஏஞ்சல் வரி போயாச்சு... நோட்டீஸ் மட்டும் ஏன் வருது?

ஓசூர் சிப்காட்டில் மின்சார ஸ்கூட்டருக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு சின்ன கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். 2022-23இல் பெங்களூரு முதலீட்டாளர்கள் சிலருக்கு 40,000 பங்குகளைக் கொடுத்தது. முகமதிப்பு 10 ரூபாய், விற்ற விலை 510 ரூபாய். வந்த 2.04 கோடியும் மெஷினாகவும் சம்பளமாகவும் மாறிவிட்டது. இப்போது வருமான வரி போர்ட்டலில் ஒரு நோட்டீஸ்: பங்குக்கு 500 ரூபாய் பிரீமியம் எந்தக் கணக்கில்?

‘ஏஞ்சல் டேக்ஸை 2024 பட்ஜெட்லயே தூக்கிட்டாங்களே’ என்பதுதான் முதலில் வரும் கேள்வி. தூக்கியது உண்மை. ஆனால் 2024 ஏப்ரல் 1க்குப் பிறகு கொடுத்த பங்குகளுக்கு மட்டும். அதற்கு முந்தைய பங்குகளை 2012இல் வந்த 56(2)(viib) பிரிவு இன்னும் விடவில்லை. 50 லட்சமோ அதற்கு மேலோ வருமானம் விடுபட்டதாகத் துறை கருதினால், மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 5 ஆண்டு 3 மாதம் வரை ஃபைலைத் திறக்கலாம்.

அதிகாரி பெரும்பாலும் பேலன்ஸ் ஷீட்டைத்தான் எடுப்பார். சொத்தில் கடனைக் கழித்துப் பங்குக்கு 60 ரூபாய் என்று வந்தால், மீதி 450 ரூபாய் ‘வருமானம்’. 40,000 பங்குக்கு 1.8 கோடி. கழிக்க நஷ்டம் இல்லாவிட்டால் வரி மட்டும் சுமார் 50 லட்சம். போன வருஷக் கணக்கை வைத்து அடுத்த ஐந்து வருஷத்துக்கு விலை போடுவது இளம் கம்பெனிக்குப் பொருந்தாத அளவுகோல் என்பது வெளிப்படை.

சட்டமும் அதை ஏற்கிறது. எதிர்கால வருவாயை இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் கணக்கிடும் டிசிஎஃப் முறையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கம்பெனிக்கு உண்டு. கணக்கைச் சோதிக்கலாம், முறையை மாற்ற முடியாது என்று வோடஃபோன் எம்-பெசா வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம் 2018இல் சொன்னது.

இதைவிடப் பயன்படுவது சினிஸ்தான் என்டர்டெயின்மென்ட் வழக்கு. ராகேஷ் ஜுன்ஜுன்வாலா, ஆனந்த் மஹிந்திரா போன்றவர்கள் பணம் போட்ட நிறுவனம் அது. கணித்த வருவாய் வரவில்லை என்று காட்டி, சுமார் 90 கோடி பிரீமியத்தை வருமானமாகச் சேர்த்தார் அதிகாரி. டெல்லி தீர்ப்பாயம் 2019இல் அதை ரத்து செய்தது. மதிப்பீடு என்பது பங்கு கொடுத்த நாளில் தெரிந்ததை வைத்துச் செய்வது, பிறகு நடந்ததை வைத்து அதைத் தவறு என்று சொல்ல முடியாது என்பதே சாரம். 2021 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

இதைப் படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினால் ஆபத்து. அக்ரோ போர்ட்ஃபோலியோ வழக்கில் இதே டெல்லி தீர்ப்பாயம் 2018இல் கம்பெனிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. நிர்வாகம் கொடுத்த எண்களைச் சரிபார்க்காமல் மதிப்பீட்டாளர் அப்படியே எடுத்துக்கொண்டார், அவற்றுக்கு ஆதாரமும் இல்லை.

ஆக, பதிலின் பலம் அறிக்கையின் பக்க எண்ணிக்கையில் இல்லை. ‘முதல் வருஷம் 3 கோடி, மூணாவது வருஷம் 14 கோடி’ என்று எழுதியிருந்தால், அந்த வளர்ச்சி எங்கிருந்து வந்தது? வாகன நிறுவனம் அனுப்பிய கொள்முதல் கடிதம், சாம்பிள் பாஸான மெயில், மெஷின் கொட்டேஷன், போர்டு கூட்டக் குறிப்பு. எல்லாவற்றிலும் தேதி பங்கு ஒதுக்கிய நாளுக்கு முன்னால் இருக்க வேண்டும். கணித்தது நடக்கவில்லை என்றால் மறைக்க வேண்டாம். எந்த ஆர்டர் எப்போது தள்ளிப்போனது என்று ஒரு பத்தியில் எழுதுவது நல்லது.

யார் கையெழுத்து என்பதும் முக்கியம். 2018 மே 24 முதல் இந்தப் பிரிவுக்கான டிசிஎஃப் அறிக்கையை மெர்ச்சன்ட் பேங்கர்தான் தர முடியும். ஆடிட்டர் தந்தது செல்லாது. கம்பெனி சட்டத்துக்காகப் பதிவுபெற்ற மதிப்பீட்டாளரிடம் வாங்கிய அறிக்கையும் இதற்குப் போதாது. பலர் மாட்டுவது இங்கேதான். மாட்டியதும் ‘பழைய தேதி போட்டு ஒண்ணு வாங்கிடலாமா’ என்று யோசிப்பவர்களும் உண்டு. அது வரிப் பிரச்சினையைக் கிரிமினல் பிரச்சினையாக்கும். இன்றைய தேதியிலேயே, அன்றிருந்த தகவல்களை மட்டும் வைத்து மெர்ச்சன்ட் பேங்கரிடம் அறிக்கை வாங்கி, வெளிப்படையாக அப்படியே சொல்லி வாதாடுவது பலவீனமான நிலைதான். ஆனாலும் நேர்மையான நிலை.

ஸ்டார்ட்அப் அங்கீகாரம் இருந்தால் தப்பிக்கலாமா? சான்றிதழ் மட்டும் போதாது, படிவம் 2 கொடுத்திருக்க வேண்டும். அதில் ஒரு நிபந்தனை, ஏழு வருஷத்துக்கு வேறு நிறுவனத்தில் முதலீடு கூடாது என்பது. ஓசூரில் தொழிற்சாலை ஒரு கம்பெனி, எல்லை தாண்டி பெங்களூருவில் டிசைன் ஆபீஸ் இன்னொரு கம்பெனி என்று பிரித்து, இதிலிருந்து அதற்கு முதலீடாகப் பணம் போனால், விலக்கு பழைய தேதியிலிருந்தே ரத்தாகும்.

பதிலை ஏற்காமல் உத்தரவு வந்தால், மேல்முறையீட்டுக்கு 30 நாள். அதுவரை வசூலை நிறுத்திவைக்கப் பொதுவாக வரியில் 20 சதவீதம் கட்டச் சொல்வார்கள். நம் உதாரணத்தில் 10 லட்சம். வழக்கில் ஜெயித்தாலும் அந்தப் பணம் திரும்பி வரும்வரை சம்பளத்துக்குப் பயன்படாது.