ஆறு பேர் ஏறிய கார்

புக்கிட் ரோத்தான் தோட்டத்திலிருந்து திருவிழாவுக்குப் புறப்படும் காரில், ஐந்து பேர் இடத்தில் ஆறு பேர் நெருக்கி உட்காருவது நமக்குப் புதிதல்ல. வழியில் விபத்து நேர்ந்தால், காப்புறுதி நிறுவனம் கையை விரித்துவிடலாமா?

1950களில் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முன் இதே கேள்வி வந்தது. ஹாட்டன் என்பவரின் ஐந்து இருக்கைக் கார், ஆறு பேருடன் விபத்துக்குள்ளானது. வண்டி தாங்கும் அளவுக்கு மேல் 'பாரம்' ஏற்றினால் இழப்பீடு இல்லை என்ற நிபந்தனையைக் காட்டி டிராஃபல்கர் காப்புறுதி நிறுவனம் மறுத்தது.

பாரம் என்றால் சரக்கின் எடையா, ஆட்களும் சேர்த்தியா? எடை வரம்பு குறிக்கப்பட்ட லாரி, வேன் போன்றவற்றுக்கே அச்சொல் பொருந்தும் என்றது நீதிமன்றம். வாசகத்தை எழுதியது நிறுவனம்; அது தெளிவாக இல்லையென்றால் நட்டமும் நிறுவனத்துக்கே. ஹாட்டன் வென்றார்.

மலேசிய நீதிமன்றங்களும் இக்கோட்பாட்டை ஏற்கின்றன. ஆனால், 'ஐந்து பேருக்கு மேல் ஏற்றினால் இழப்பீடு இல்லை' என்று தெளிவாக எழுதியிருந்தால் இது கைகொடுக்காது.

எனவே இழப்பீடு மறுக்கப்பட்டால், எந்த நிபந்தனையின்படி என்று எழுத்தில் கேளுங்கள். அந்த வரிக்கு நியாயமான இரண்டு பொருள் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், உங்கள் வழக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது.