அண்மை விளியும் அவர்களேயும்

எங்கள் பேட்டை வாசகசாலையின் ஆண்டு விழாவில் இவ்வாரம் பிரசங்கத்துக்கு எழுந்த நண்பரொருவர், அக்கிராசனர் அவர்களே, காரியதரிசி அவர்களே, பொக்கிஷதார் அவர்களே, பந்தல் உபகரித்த புரவலர் அவர்களே என்று மேடையிலிருந்த நாற்காலிகளையெல்லாம் வரிசையாக அழைத்து முடிப்பதற்குள், அவருக்கு அளித்த அவகாசத்தில் பாதி கரைந்துபோயிற்று. வாசகசாலையின் புதிய கட்டடத்தைப் பற்றி எழுதவே பேனாவை எடுத்தேன். ஆனால் அந்த 'அவர்களே' காதைவிட்டு அகல மறுக்கிறது.

இனி இவன் தொல்காப்பியத்தைத் திறப்பான் என்று இப்பத்தியின் வழக்கமான வாசகர்கள் பெருமூச்சு விடுவது எனக்குக் கேட்கிறது, திறக்கத்தான் போகிறேன். சொல்லதிகாரத்தில் விளிமரபென்று ஓர் இயலையே வகுத்த ஆசிரியர், 'அன்' என்று முடியும் பெயர் விளிக்குங்கால் ஆகாரமாகும் என்றும், அழைக்கப்படுபவன் அண்மையிலிருந்தால் அகரமாகும் என்றும் விதிக்கிறார். சோழன் சற்று எட்ட நின்றால் 'சோழா'; பக்கத்தில் அமர்ந்திருந்தால் 'சோழ' என்றாலே போதும்; தொலைவில் போய்விட்டாலோ, ஓசை தன் மாத்திரையைக் கடந்தும் நீளலாம். கூப்பிடும் குரலைக் கொண்டே இருவருக்கும் இடையிலுள்ள தூரத்தை அளந்துவிடலாம் என்பதில் எனக்குள்ள ஆனந்தம், உலகியல் அறிந்தோர்க்குச் சற்று மிகையாகத் தோன்றக்கூடும்.

அதே இயலில், அவன், அவள், அவர் என்னும் சுட்டுப்பெயர்கள் விளி ஏலா என்றும் சொல்லப்பட்டிருக்கிறது. அவ்விதிப்படி 'அவர்களே' குற்றமே. எனினும், அக்கிராசனரை அழைத்தபோது நண்பரின் முகம் சபையை நோக்கியே இருந்ததைக் கவனித்த எனக்கு வேறொன்று புலப்பட்டது: அது அழைப்பன்று, சபையோர் செவியில் விழுமாறு செய்யும் மரியாதை. ஆகையால்தான் ஒரு பெயர் விடுபட்டாலும் பகிரங்க அவமானமாகிவிடுகிறது. பட்டியலும் ஆண்டுக்காண்டு நீள்கிறது. சிற்றுண்டி மேஜையில் எதிரே அமர்ந்த அதே நண்பர், "என்ன சார், வடை ஆறிப்போச்சா?" என்று தொடங்கினார், அங்கே சாட்சிக்கு யாருமில்லை.

பெருங்கூட்டத்துக்கோ 'பெரியோர்களே, தாய்மார்களே' என்பது ஏறக்குறைய எவரையும் விடாது. அச்சிலே இதற்கு நேர்மாறாகச் செய்தவர் அண்ணாதுரை: 'திராவிட நாடு' இதழில் 'தம்பி' என்று ஒருமையில் விளித்து அவர் எழுதிய கடிதங்களை ஆயிரக்கணக்கானோர் வாசித்தார்கள், ஒவ்வொருவரும் தம் எதிரே அவர் அமர்ந்து பேசுவதாகவே எண்ணினார்கள்.

உண்மையில் இக்கட்டானது, கூடத்தில் பத்துப் பேர் கூடியிருக்கையில் நாம் உள்ளே நுழையும் தருணமே. பிரசங்கியைப் போல் பொதுவாக விளித்தால் நகைப்பார்கள். தனித்தனியே விசாரித்தால் காப்பி ஆறிவிடும். மூத்தவர் யாரென்று கண்டு, அவரை மட்டும் "பெரியப்பா, சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டு, மற்றவர்களுக்குப் பார்வையாலும் புன்னகையாலும் ஈடுசெய்வதே எங்கள் வீட்டு வழக்கம்; அதிலும் மூத்தவர் இருவராய், ஒருவருக்கொருவர் பேச்சுவார்த்தை இல்லாதவர்களாய் வாய்த்துவிட்டால், தொல்காப்பியரிடமும் அதற்குச் சூத்திரமில்லை.