பொட்டலத்தின் முகவரி இலையின் ஊர் ஆகுமா?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. தாவரவியல்

கடையில் தேயிலைப் பொட்டலம் வாங்குவோர் சிலர் அதன் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்து, "கோயம்புத்தூர் என்று போட்டிருக்கிறதே, நம் நீலகிரி மலைச் சரக்குதான்" என்று மனநிறைவு கொள்கிறார்கள். அந்த நிறைவுக்கு அச்சிட்ட முகவரி ஆதாரம் ஆகாது என்பதே என் கருத்து. நீலகிரியில் சிறிய தேயிலைத் தோட்டம் வைத்திருக்கும் குடும்பத்திலிருந்து கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். எங்கள் இலையின் ஊர்ப்பெயர் எந்தெந்த இடத்தில் மறைகிறது என்பதை அறிந்தே இதை எழுதுகிறேன்.

250 கிராம் பொட்டலம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் பொட்டலமிட்டவர் முகவரி, லாட் எண், 14 இலக்க உணவு உரிம எண் ஆகிய மூன்றும் இருக்கின்றன. உரிம எண் 124 என்று தொடங்கினால், முதல் இலக்கமான 1 உரிமத்தையும், அடுத்த 24 தமிழ்நாட்டையும் குறிக்கும். அதற்கடுத்த இரண்டு இலக்கங்கள் உரிமம் கொடுத்த ஆண்டு. ஆக, இந்த எண் பொட்டலமிடும் கூடம் எந்த மாநிலத்தில் உரிமம் பெற்றது என்று சொல்கிறது. செடி எங்கே வளர்ந்தது என்று சொல்வதில்லை. முகவரியும் அப்படித்தான். குறையிருந்தால் யாரைக் கேட்பது என்பதற்கே அது பயன்படும்.

இனி லாட் எண். அதன் பொருள் விளங்க இலையின் வழியே போக வேண்டும். சிறு விவசாயி பறித்த பச்சை இலை, இலை வாங்கும் ஃபாக்டரிக்குப் போகிறது. ஏறத்தாழ 4 கிலோவுக்குச் சற்று மேற்பட்ட பச்சை இலையிலிருந்து 1 கிலோ தூள் கிடைக்கும். அங்கே பல ஊர் இலைகள் ஒன்றாக அரைபடுகின்றன. விவசாயியின் பெயர் முதலில் மறைவது இந்த இடத்தில். ஆயினும் ஃபாக்டரியின் பெயர் மறைவதில்லை. குன்னூர் ஏலத்துக்குப் போகும் மூட்டை ஒவ்வொன்றிலும் ஃபாக்டரியின் மார்க்கும், தூளின் தரமும், இன்வாய்ஸ் எண்ணும் உண்டு. ஏலத்தில் எடுத்த வியாபாரி அதைப் பல மார்க்குகளோடு கலக்கிறார். கடுப்புக்கும் நிறத்துக்கும் அசாம் தூள், மணத்துக்கு நீலகிரித் தூள் என்று சேர்த்து, ஆண்டு முழுவதும் ஒரே சுவையும் ஒரே விலையும் நிற்கும்படி பார்க்கிறார். அந்தக் கலவைக்கு அவர் இட்ட வரிசை எண்ணே லாட் எண். அவருடைய பதிவேட்டைத் திறந்தால் அது பேசும். நம் கையில் அது ஊமை.

குடித்துப் பார்த்துச் சொல்லிவிடலாமே என்பர் சிலர். 2 கிராம் தூளைக் கொதிக்கும் நீர் 100 மில்லியில் 6 நிமிடம் ஊறவிட்டு, பால் சேர்க்காமல், ஊர் தெரிந்த ஒரு தூளோடு ஒப்பிடலாம். அசாம் சாறு கெட்டியாகவும் கருஞ்சிவப்பாகவும் நிற்கும். மலை உச்சி நீலகிரிச் சாறு இலேசாகவும் தெளிவாகவும் மணமாகவும் இருக்கும். ஆனால் இரண்டும் கலந்திருந்தால் நாக்கு தடுமாறும். ஈரமான வடிதாளில் தூளைத் தூவினால், சாயம் ஏற்றியிருந்தால் கறை பரவும். அது கலப்படத்தைக் காட்டுமேயன்றிப் பிறப்பிடத்தைக் காட்டாது. 'நீலகிரி' என்ற புவிசார் குறியீடும் ஆர்தடாக்ஸ் முறையில் செய்த தேயிலைக்கே உரியது. நாம் அன்றாடம் வாங்கும் சி.டி.சி. தூள் அதில் அடங்காது.

மிளகிலும் அரிசியிலும் இதே மயக்கம் உண்டு. 'தலச்சேரி' மிளகு என்பது இன்று பெரும்பாலும் மணியின் பருமனைக் குறிக்கும் தரப்பெயர். அது முன்னாளில் கப்பலேறிய துறைமுகத்தின் பெயர். ஆரணி முகவரியோடு வரும் அரிசியில், ஆரணி என்பது நெல்லை அரைத்த ஆலையின் ஊர். அந்த நெல் எந்த வயலில் விளைந்தது என்பதை மூட்டை சொல்வதில்லை.

கலப்பது குற்றம் என்று நான் சொல்லவில்லை. கலப்பவருக்குத் தெரிந்ததை வாங்குபவருக்கு மறைப்பதுதான் குறை. இன்வாய்ஸ் எண்கள் அவர் கணக்கில் இருக்கின்றன. "நீலகிரி 60 பங்கு, அசாம் 40 பங்கு" என்று ஒரு வரி அச்சிடப் புதிய ஆய்வுக்கூடம் எதுவும் வேண்டியதில்லை. அந்த வரி வந்தால், நல்ல இலை பறிக்கும் ஊருக்குப் பெயரும், அந்தப் பெயருக்கு ஒரு விலையும் கிடைக்க வழி உண்டு. இன்றோ முற்றிய இலையும் கொழுந்தும் ஒரே மூட்டையில் ஊர்பேர் தெரியாமல் போகின்றன.

அந்த வரி வரும்வரை, ஊர் எழுதாத பொட்டலத்தை ஊர் தெரியாத பொட்டலமாகவே கொள்வோம். முகவரியைப் பார்த்து ஓர் ஊரை நாமே எழுதிக்கொள்ள வேண்டாம். அந்த முகவரிக்கு லாட் எண்ணைக் குறித்து, "இந்தக் கலவையில் எந்தப் பகுதித் தேயிலை எத்தனை பங்கு?" என்று கடிதம் எழுதிக் கேட்போம். பதில் தருகிறவர் பதிவேடு வைத்திருக்கிறார் என்று அறியலாம். பதில் தராதவரின் பொட்டலத்துக்கு, ஊரை நம்பிக் கூடுதல் விலை கொடுக்காமல் இருக்கலாம்.