முறையீடு இல்லையேல் குறையும் இல்லையோ?

மனிதன் மானத்தோடு வாழ வேண்டுவன எவை? அவனது வருமானத்தை அளந்து பார் என்பர் சிலர். அவன் மனநிறைவோடு இருக்கின்றானா என்று கேள் என்பர் வேறு சிலர். இரண்டும் போதா என்று 1979 இல் எடுத்துரைத்தார் பொருளியலறிஞர் அமர்த்தியா சென். கால் வழங்காதவனுக்கும் ஓடியாடுபவனுக்கும் ஒரே வருமானம் இருப்பினும் இருவரும் ஒரே வாழ்வு வாழ இயலாது. ஆகவே, ஒருவனால் உண்மையில் என்ன செய்ய இயலும், எவ்வாறு வாழ இயலும் என்பதையே பார்க்க வேண்டும் என்றார்.

மனநிறைவு என்னும் அளவுகோலோ இன்னும் மோசமானது. வங்கப் பெரும்பஞ்சத்திற்கு மறு ஆண்டாகிய 1944 இல், கல்கத்தாவுக்கு அண்மையிலுள்ள சிங்கூரில், மனைவியை இழந்த ஆடவரிடமும் கணவனை இழந்த பெண்டிரிடமும் உடல்நலம் பற்றி விசாரித்தனர். நலக்குறைவு உண்டென்றோர் ஆடவருள் நூற்றுக்கு 48.5, பெண்டிருள் 2.5 மாத்திரமே! ஊணிலும் மருந்திலும் கடைசிப் பங்கு பெற்றவர்கள் அப்பெண்களே. தமக்கெனக் கேட்பதையே மறந்தவர்கள் எதைக் குறையென்று கூறுவர்? வாய்மொழிச் சாட்சியமே போதுமெனின், விதவைகளே சுகமாக இருந்தனர் என்று தீர்ப்பளிக்க நேரும். நாமறிந்த எந்த நீதிபதியும் அதற்கு ஒருப்படார்.

சரி, இன்றியமையாத இயலுமைகள் எவை? மார்த்தா நுஸ்பாம் அம்மையார் பத்தினை வகுத்து, ஒவ்வொன்றிலும் யாவருக்கும் ஒரு குறைந்தபட்ச அளவு உறுதிசெய்யப்படல் வேண்டும் என்கின்றார். சென்னோ பட்டியலைப் பொதுமக்களின் விவாதத்திற்கு விடுகின்றார். ஜனநாயகத்திற்கு அது உகந்ததே. எனினும் இவ்விடயத்தில் நாம் அம்மையாரின் பக்கமே நிற்கின்றோம். விசாரிக்க வந்தவரிடமே குறை சொல்லாத சிங்கூர் விதவை, ஊர்ச்சபையில் எழுந்து வாதாடுவாள் என்று நாம் நம்பவில்லை.