வாடகைக் கடிதத்தில் எழுத வேண்டியதும் வேண்டாததும்

வாடகை ஒப்பந்தம் முடிகிற நேரத்தில் நம் பக்கத்தில் பெரும்பாலும் நடப்பது இதுதான். வீட்டுக்காரர் ஃபோனில் ஒரு தொகையைச் சொல்வார். குடியிருப்பவர் “இந்த வருஷம் தொழிலே சரியில்லை, பார்த்துச் செய்யுங்கள்” என்பார். அவருக்கும் செலவு இருக்கிறது. அதனால் இந்தப் பேச்சு எடுபடுவதில்லை. நம் கஷ்டத்தைச் சொல்லிக் கேட்பதைவிட வீட்டைப் பற்றிச் சொல்லிக் கேட்பதே சரி, அதையும் எழுத்தில் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

தோணிரேவில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் மாதம் 4,000 ரூபாய் வாடகையில் இருக்கிறது. வீட்டுக்காரர் சென்னையில் இருக்கிறார். ஆகஸ்டு கடைசியில் ஒப்பந்தம் முடிகிறது, அடுத்த 11 மாதத்துக்கு 5,000 வேண்டும் என்றார். அந்த வீட்டுப் பெண் என்னிடம் வந்து, “ஐயா, ஒரு லெட்டர் எழுதித் தாங்க” என்றார். ஜூலை முதல் வாரத்தில் இருவரும் உட்கார்ந்து எழுதினோம்.

முதலில் பக்கத்து வாடகைகள். ஃபோனில் பார்த்தால் பொன்னேரி வீடுகள்தான் வருகின்றன. அங்கே ரயில் நிலையம் இருக்கிறது, பழவேற்காட்டுப் பக்கம் இல்லை. அந்த வாடகையைக் காட்டினால் இரு தரப்புக்கும் பொருந்தாது. விளம்பரத்தில் இருப்பதும் கேட்கிற விலைதான், முடிந்த விலை அல்ல. அதனால் பக்கத்தில் அண்மையில் குடிவந்த இரண்டு வீடுகளில் நேரில் விசாரித்தோம். இரண்டும் அதே அளவு. ஒன்று 4,200, வாசலிலேயே குடிநீர்க் குழாய். இன்னொன்று 4,500, தளத்தைப் புதிதாகப் பூசியிருக்கிறார்கள்.

அடுத்தது பராமரிப்பு. ஏரிக்கரையில் உப்புக் காற்று சிமெண்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு ஏறிய கம்பி பருத்து, மேலே இருக்கும் காரையைப் பிளந்து தள்ளும். சன்ஷேடின் அடியில் கம்பி ஓடும் நேரே பழுப்புக் கோடும் வெடிப்பும் தெரிந்தால் அதுதான் அடையாளம். மேலே சுண்ணாம்பு அடித்து மூடினால் மறுபடியும் பெயரும். துருவைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் பூச வேண்டும். இது வீட்டுக்காரர் செலவு. குழாய் வாஷர், சுவிட்ச், தாழ்ப்பாள் குடியிருப்பவர் செலவு. இந்தப் பெண் தளக் காரைக்கு 3,600, ஒயரிங்குக்கு 1,800, ஆக 5,400 செலவழித்திருந்தார். வாஷர் கணக்கை நாங்கள் சேர்க்கவில்லை. சேர்த்தால் மற்ற கணக்கின் மேலும் சந்தேகம் வரும்.

கடிதம் இப்படி அமைந்தது:

“மதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு வணக்கம். தொடர்ந்து இதே வீட்டில் இருக்க விரும்புகிறோம். வாடகை இதுவரை பாக்கி இல்லை. பக்கத்தில் இதே அளவு வீடுகள் 4,200-க்கும் 4,500-க்கும் போகின்றன. அவற்றில் உள்ள வசதி விவரம் கீழே எழுதியுள்ளோம். நம் வீட்டில் முன்பக்க சன்ஷேட் வெடித்துள்ளது, படம் இணைத்துள்ளோம். இப்போதுள்ள நிலையில் 4,200 தருகிறோம். ஐப்பசி மழைக்கு முன் நீங்கள் சரிசெய்து கொடுத்தால் 4,500 தருகிறோம். உங்களிடம் சொல்லிவிட்டுச் செய்த பழுதுச் செலவு 5,400-ஐ மாதம் 900 வீதம் 6 மாதம் கழித்துக்கொள்ள அனுமதி வேண்டுகிறோம். ரசீதுகள் உள்ளன. இந்த மாதக் கடைசிக்குள் பதில் தெரிவித்தால் நலம்.”

இரண்டு வழிகளைக் கொடுத்ததுதான் இதில் முக்கியம். அவர் “முடியாது” என்று மறுப்பதற்குப் பதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். 4,200-க்கும் 5,000-க்கும் 11 மாதத்தில் வித்தியாசம் 8,800 ரூபாய். வீடு இரண்டு மாதம் பூட்டிக் கிடந்தால் அது போய்விடும். இந்தக் கணக்கைக் கடிதத்தில் எழுதவில்லை. எழுதினால் மிரட்டல் மாதிரி இருக்கும். அவரே போட்டுப் பார்த்திருப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து வீட்டைப் பார்த்தார், தானே பழுது பார்ப்பதாகவும் 4,500 போதும் என்றும் ஒப்புக்கொண்டார். 5,400-ஐக் கழிக்கவும் சம்மதித்தார்.

ஒரு எச்சரிக்கை. 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் நகர்ப்புறங்களுக்காக எழுதப்பட்டது. ஊராட்சிகளில் இருக்கும் நமக்கு 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம்தான் துணை. வீட்டுக்காரர் செய்யக் கடமைப்பட்ட பழுதை, அறிவிப்புக் கொடுத்தும் நியாயமான காலத்தில் செய்யாவிட்டால், குடியிருப்பவர் செய்து வாடகையில் கழிக்கலாம் என்று அதன் 108-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் “கடமைப்பட்ட” என்பது ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால்தான் உறுதி. ஆகவே யார் எதைப் பழுது பார்ப்பது என்று இரண்டு வரி புது ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். எழுதாமல், சொல்லாமல் கழித்தால் அது வாடகை பாக்கியாகவே நிற்கும்.